குறுகலில் பிறக்கும் உறிஞ்சல்: வெஞ்சுரி சொட்டு நீரில் உரத்தை எப்படிச் சீராகக் கலக்கிறது?

திருவையாற்றுப் பக்கம் கொள்ளிடப் படுகையில் மாமாவுக்கு ஒரு ஏக்கர் பூவன் வாழை. சொட்டு நீர் போட்டு இரண்டாவது மாதம் போன் செய்தார். "மாப்பிள்ளை, உரம் கரைச்சு வச்சு ஒரு மணி நேரம் ஆச்சு. டிரம்ல ஒரு சொட்டுகூட இறங்கலை. இந்தக் கருப்புக் குழாய் கெட்டுப்போச்சு போல."

போய்ப் பார்த்தேன். குழாய் கெடவில்லை. மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது, வாழைக்கெல்லாம் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது, நீல டிரம்மில் உரக்கரைசல் வைத்தது வைத்தபடி இருந்தது. கெடுவதற்கு அந்தக் கருப்புக் குழாயில் ஒன்றுமே இல்லை. அதற்குள் சுழலும் பாகம் எதுவும் கிடையாது, மின்சாரமும் வேண்டாம். நடுவில் இடுப்புச் சிறுத்த ஒரு பிளாஸ்டிக் துண்டு, அந்த இடுப்பிலிருந்து பக்கவாட்டில் பிரியும் ஒரு சிறு மூக்கு, மூக்கில் மாட்டிய டியூப், அவ்வளவுதான். அதன் பெயர் வெஞ்சுரி. அது ஏன் உறிஞ்சுகிறது, ஏன் சில நேரம் உறிஞ்ச மறுக்கிறது என்று புரிந்துவிட்டால், அப்புறம் அதைச் சரிசெய்ய யாரையும் கூப்பிட வேண்டியதில்லை.

சரி, முதலில் வாய்க்காலுக்குப் போவோம். நம் ஊர் வாய்க்காலில் தண்ணீர் நிறைந்து ஓடும்போது ஏதாவது ஒரு குறுகலான பாலத்தடியில் நின்று பாருங்கள். பாலத்துக்கு முன்னால் தண்ணீர் அகலமாக, மெதுவாக வருகிறது. பாலத்தின் கண்ணுக்குள் நுழைந்ததும் வேகம் பிடிக்கிறது. அங்கே தண்ணீரின் மேல்மட்டம் லேசாகப் பள்ளம் விழுந்திருப்பதைக் காணலாம். பாலத்தைத் தாண்டி வாய்க்கால் மறுபடி அகலமானதும் வேகம் தணிந்து, மட்டம் திரும்ப ஏறுகிறது. ஆனால் முன்னால் இருந்த அளவுக்கு முழுதாக ஏறுவதில்லை. சுழியிலும் நுரையிலும் கொஞ்சம் தொலைந்துபோகிறது.

வெஞ்சுரிக்குள் நடப்பதும் இதுதான். வாய்க்காலில் மட்டம் இறங்குகிறது, மூடிய குழாயில் அழுத்தம் இறங்குகிறது. குறுகலான இடத்தில் தண்ணீர் நெருக்கப்படுவதால் அங்கே அழுத்தம் கூடும் என்றுதான் முதலில் தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. யோசித்துப் பார்த்தால் அப்படி இருக்க முடியாது. மெதுவாக வந்த தண்ணீர் குறுகலுக்குள் வேகமெடுக்க வேண்டுமானால், அதை யாராவது பின்னாலிருந்து தள்ள வேண்டும். பின்னால் அழுத்தம் அதிகமாகவும் முன்னால் குறைவாகவும் இருந்தால்தான் தள்ளு கிடைக்கும். ஆகவே குறுகலில் அழுத்தம் குறைந்தே ஆக வேண்டும். 1797இல் இதைச் சோதனைகளோடு எழுதி வெளியிட்டவர் ஜொவானி பத்திஸ்தா வெந்தூரி என்ற இத்தாலிய இயற்பியல் அறிஞர். அவர் பெயர்தான் நம் வயலில் வெஞ்சுரி ஆகியிருக்கிறது.

எவ்வளவு குறையும் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். குறுகலின் விட்டம், தண்ணீர் நுழையும் வாயின் விட்டத்தில் மூன்றில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்வோம். பரப்பு ஒன்பதில் ஒரு பங்கு ஆகிவிடும். அதே தண்ணீர் அந்தச் சின்ன இடத்தில் போயாக வேண்டும் என்பதால் வேகம் ஒன்பது மடங்கு. வாயில் வினாடிக்கு 2.3 மீட்டர் வேகத்தில் நுழையும் தண்ணீர் குறுகலில் கிட்டத்தட்ட 21 மீட்டர் வேகம் பிடிக்கிறது. அந்த வேகத்தை எட்ட, 21.5 மீட்டர் உயரத் தண்ணீர்த் தூணின் அழுத்தம் செலவாகும். 10 மீட்டர் உயரத் தண்ணீர் என்றால் சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 1 கிலோ அழுத்தம். ஆகச் செலவு 2.15 கிலோ. வாயில் நம் அழுத்த மீட்டர் காட்டுவது 2 கிலோதான். கையில் 2 கிலோவை வைத்துக்கொண்டு 2.15 செலவழித்தால் கணக்கு மைனஸில் போகும். குறுகலில் வெளிக்காற்றின் அழுத்தத்தைவிட 0.15 கிலோ குறைவாகிவிடுகிறது.

உறிஞ்சல் பிறக்கும் இடம் இது. டிரம்மில் இருக்கும் கரைசலின் மேல் வெளிக்காற்று எப்போதும் அழுத்திக்கொண்டிருக்கிறது. டியூபின் மறுமுனையில் அந்த அளவு அழுத்தம் இல்லை. காற்று கரைசலை டியூப் வழியாக மேலே தள்ளிவிடுகிறது. மேலே சொன்ன 0.15 கிலோ வித்தியாசத்துக்கு, ஒன்றரை மீட்டர் உயரம் வரை கரைசல் ஏறும். வெஞ்சுரி இழுக்கிறது என்று சொல்கிறோம், உண்மையில் அது ஒரு பள்ளத்தை உண்டாக்குகிறது, காற்று அந்தப் பள்ளத்துக்குள் உரத்தைத் தள்ளுகிறது. இதை மனதில் வைத்துக்கொண்டால் பின்னால் வரும் கோளாறுகள் எல்லாம் தாமாகவே விளங்கும்.

இனி மாமாவின் வயலுக்கு வருவோம். வெஞ்சுரியை மெயின் குழாயின் நடுவில் அப்படியே வைப்பதில்லை. ஒரு ஏக்கருக்கான தண்ணீர் முழுவதும் முக்கால் அங்குல வெஞ்சுரியின் சின்ன இடுப்புக்குள் போகாது. அதனால் மெயின் குழாயிலிருந்து ஒரு கிளை பிரிந்து, வெஞ்சுரி வழியாகப் போய், கொஞ்சம் தள்ளி மெயினிலேயே மறுபடி சேர்கிறது. இதைத்தான் பைபாஸ் என்கிறோம். கிளை பிரியும் இடத்துக்கும் சேரும் இடத்துக்கும் நடுவே மெயினில் ஒரு வால்வு இருக்கும். வெஞ்சுரியின் உயிர் அந்த வால்வில்தான் இருக்கிறது.

வால்வு முழுதாகத் திறந்திருந்தால் தண்ணீருக்கு நேர்வழி இருக்கிறது, சுற்றுவழியில் போக வேண்டிய அவசியம் இல்லை. வெஞ்சுரிக்குள் வெறும் பேருக்கு ஓடும். வேகம் இல்லை, ஆகவே பள்ளமும் இல்லை. மாமாவின் வயலில் நடந்தது இதுவேதான். வெஞ்சுரிக்கு முன்னால் இருந்த மீட்டர் 1.6 காட்டியது, பின்னால் இருந்தது 1.5. வித்தியாசம் வெறும் 0.1 கிலோ. மெயின் வால்வைக் கொஞ்சம் கொஞ்சமாக மூடினேன். முன் மீட்டர் மெல்ல ஏறியது, பின் மீட்டர் இறங்கியது. டியூபின் நுனியை டிரம்மிலிருந்து எடுத்து மாமாவின் கட்டைவிரலில் வைத்துப் பிடிக்கச் சொன்னேன். வால்வு பாதிக்கு மேல் மூடியதும், "அட, விரலைக் கவ்வுது மாப்பிள்ளை!" என்றார். முன்னால் 2.0, பின்னால் 1.3 வந்தபோது நிறுத்தினேன். டியூபைத் திரும்ப டிரம்மில் விட்டதும் கரைசல் சரசரவென்று ஏறியது.

பொதுவாக, முன்னால் இருக்கும் அழுத்தத்தில் மூன்றில் ஒரு பங்காவது வெஞ்சுரியில் இழக்க வேண்டியிருக்கும். மாடலுக்கு மாடல் இது மாறும், பெட்டியோடு வரும் அட்டவணையில் எந்த வித்தியாசத்துக்கு மணிக்கு எத்தனை லிட்டர் உறிஞ்சும் என்று போட்டிருப்பார்கள். அதைத் தூக்கிப்போட்டுவிடாதீர்கள். இந்த இழப்புதான் வெஞ்சுரிக்கு நாம் கொடுக்கும் கூலி. பாலத்தைத் தாண்டிய தண்ணீர் பழைய மட்டத்துக்கு ஏறாதது போலவே, இழந்த அழுத்தம் திரும்பி வராது. மிச்சம் இருப்பது சொட்டுவானுக்குப் போதுமா என்று பார்க்க வேண்டும். மாமாவின் வயலில் 1.3இல் ஃபில்டருக்கு 0.2 போனாலும், 1.1 கிலோ மிஞ்சுகிறது. வரிசையோடு ஓடும் லேட்டரல் குழாய்க்கு 1 கிலோ போதும் என்பதால் பிரச்சினை இல்லை. மோட்டாரே 1.2 கிலோதான் தருகிறது என்றால் வெஞ்சுரி சரிப்படாது. அங்கே உரத்துக்கென்று சின்ன பம்பு ஒன்று தனியாக வைப்பதே நல்லது. வெஞ்சுரியைக் கட்டாயப்படுத்தினால் கடைசி வரிசை வாழை காயும்.

இன்னொன்று. வால்வை மூட மூட உறிஞ்சல் கூடிக்கொண்டே போகும் என்று நினைக்க வேண்டாம். ஓர் அளவுக்கு மேல் அது நின்றுவிடும். வெற்றிடத்துக்கும் ஓர் எல்லை உண்டு. அதற்கு மேல் மூடினால் வயலுக்குப் போகும் தண்ணீர் குறையுமே தவிர உரம் கூடாது.

அடுத்தது கலவை விகிதம். வெஞ்சுரிக்குப் பதிலாகப் பல வயல்களில் உர டேங்க் வைத்திருப்பார்கள். அதுவும் பைபாஸில்தான் இருக்கும், ஆனால் தண்ணீர் டேங்குக்குள்ளேயே நுழைந்து, உரத்தோடு கலந்து, வெளியே போகும். அதில் கரைசல் நேரம் ஆக ஆக நீர்த்துக்கொண்டே வரும். 60 லிட்டர் டேங்கில் மணிக்கு 240 லிட்டர் ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் கால் மணி நேரத்திலேயே உரத்தில் 63 சதவீதம் போய்விடும். அரை மணியில் 13 சதவீதம்தான் மிச்சம். ஒரு மணி ஆகும்போது டேங்கில் இருப்பது கிட்டத்தட்ட வெறும் தண்ணீர். ஆரம்பத்தில் காரமாகப் போன உரத்தின் மேல் மீதி நேரமெல்லாம் வெறும் தண்ணீர் விழுகிறது. படுகை மண், பட்டுக்கோட்டைப் பக்கத்து மணல் போன்ற இளகிய நிலத்தில் யூரியா அந்தத் தண்ணீரோடு வேரைத் தாண்டிக் கீழே இறங்கிவிடும்.

வெஞ்சுரியில் டிரம்முக்குள் தண்ணீர் போவதில்லை. டிரம்மில் கரைத்த கரைசல் கடைசிச் சொட்டு வரை அதே கரைசல்தான். அதை மணிக்கு இவ்வளவு லிட்டர் என்று ஒரே வேகத்தில் எடுத்து, ஒரே அளவில் ஓடும் தண்ணீரில் விடுகிறது. முதல் நிமிடம் சொட்டுவானில் விழும் நீரில் எவ்வளவு உரமோ, எண்பதாவது நிமிடமும் அதே அளவு. சீரான விகிதம் என்பதற்கு அர்த்தம் இதுதான். இதில் இன்னொரு வசதி, டிரம்மில் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று பார்த்தாலே வயலுக்கு எவ்வளவு உரம் போயிருக்கிறது என்று தெரிந்துவிடும்.

மாமாவின் ஏக்கருக்கு அன்று நாங்கள் போட்ட கணக்கை அப்படியே தருகிறேன். உங்கள் வயலின் எண்களை வைத்து இதையே திரும்பப் போடலாம்.

ஆறடிக்கு ஆறடி நட்டதில் 1,210 வாழை. ஒவ்வொன்றுக்கும் மணிக்கு 4 லிட்டர் சொட்டும் டிரிப்பர், அதாவது சொட்டுவான், இரண்டு. மொத்தம் 2,420 டிரிப்பர், மணிக்கு 9,680 லிட்டர். ஆனால் டிரிப்பரில் எழுதியிருப்பதை நம்பி விட்டுவிடவில்லை. 200 மில்லி டம்ளர் ஒன்றை ஒரு டிரிப்பருக்கு அடியில் குழி பறித்து வைத்தோம். மூன்று நிமிடத்தில் நிறைந்தது. அப்படியென்றால் மணிக்கு 4 லிட்டர், சரிதான். முதல் வரிசை, நடு வரிசை, கடைசி வரிசையின் கோடி என்று மூன்று இடத்தில் பார்த்தோம். இதை வெஞ்சுரி ஓடும்போதே பார்க்க வேண்டும், ஏனென்றால் அழுத்தம் குறைவது அப்போதுதான்.

அடுத்து டிரம். 10 லிட்டர் வாளியால் ஒவ்வொரு வாளியாக ஊற்றி, ஒவ்வொரு மட்டத்திலும் வெளியே மார்க்கரால் கோடு போட்டோம். இந்தக் கோடுகள் பத்து நிமிட வேலை. ஆனால் இவை இல்லாமல் வெஞ்சுரி வைத்திருப்பது, படிக்கல் இல்லாமல் தராசு வைத்திருப்பது மாதிரி. கரைசல் ஒரு கோட்டிலிருந்து அடுத்த கோட்டுக்கு இறங்க 10 நிமிடம் ஆனது. அதாவது மணிக்கு 60 லிட்டர். இதை வெறும் தண்ணீரை வைத்துப் பார்த்துவிட்டு விடக் கூடாது. உரக்கரைசல் தண்ணீரைவிடக் கனமானது, கொஞ்சம் மெதுவாகத்தான் ஏறும்.

மணிக்கு 9,680 லிட்டர் தண்ணீர், 60 லிட்டர் கரைசல். சுமார் 160 லிட்டருக்கு ஒரு லிட்டர். இதுதான் மாமா வயலின் கலவை விகிதம்.

இப்போது உரம். நேந்திரன் தவிர்த்த வாழைக்குத் தோட்டக்கால் நிலத்தில் மரத்துக்கு ஆண்டுக்குத் தழைச்சத்து 110 கிராம், மணிச்சத்து 35, சாம்பல் சத்து 330 என்பது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை. மணிச்சத்துக்கு சூப்பர் பாஸ்பேட்டை மண்ணிலேயே வைத்துவிட்டோம், அது கரைந்து வராது, டிரிப்பரை அடைக்கும். மீதி இரண்டும் சொட்டு நீரில். யூரியாவில் 46 சதவீதம் தழை, பொட்டாஷில் 60 சதவீதம் சாம்பல். வாரம் இரண்டு முறை வீதம் 40 வாரத்துக்குப் பிரித்தால், ஒரு தவணைக்கு ஒரு மரத்துக்கு யூரியா 3 கிராம், பொட்டாஷ் 7 கிராமுக்குச் சற்றுக் குறைவு. ஏக்கருக்கு யூரியா மூன்றரை கிலோ, பொட்டாஷ் 8 கிலோ என்று வைத்துக்கொண்டோம். வாழையின் வயதைப் பொறுத்து இந்தப் பங்கு கூடும், குறையும். இங்கே கணக்குப் புரிவதற்காகச் சமமாகப் பிரித்திருக்கிறேன்.

மொத்தம் பதினொன்றரை கிலோவை 80 லிட்டர் கரைசலாக்கினோம். மணிக்கு 60 லிட்டர் என்றால் 80 நிமிடத்தில் தீரும். அந்த 80 நிமிடத்தில் வயலுக்குப் போகும் தண்ணீர் சுமார் 12,900 லிட்டர். 11,500 கிராமை அதில் பிரித்தால், டிரிப்பரில் விழும் ஒவ்வொரு லிட்டரிலும் கிட்டத்தட்ட 0.9 கிராம் உரம். வேரைச் சுடாத அளவு.

கரைக்கும்போது ஒரு சங்கதி உண்டு. யூரியாவும் சரி, பொட்டாஷும் சரி, கரையும்போது தண்ணீரிலிருந்து சூட்டை எடுத்துக்கொள்ளும். மாமா கையை டிரம்மில் வைத்துவிட்டு, "ஐஸ் போட்ட மாதிரி இருக்கே" என்றார். டிரம்மின் வெளிப்பக்கம் வேர்த்திருந்தது. தண்ணீர் குளிர்ந்தால் பொட்டாஷ் கரைவது மெதுவாகிவிடும், அடியில் மணல் போலத் தங்கிவிடும். டிரம்மில் மேலே இருக்கும் கரைசல் நீர்த்தும், அடியில் காரமாகவும் இருந்தால் வெஞ்சுரி என்னதான் சீராக எடுத்தாலும் விகிதம் சீராக இருக்காது. ஆகவே பொட்டாஷை முதலில் போட்டு, முழுதாகக் கரைந்தபின் யூரியாவைப் போடுவதும், வெயில் ஏறிய பிறகு கரைப்பதும் நல்லது. பொட்டாஷ் வெள்ளையாக இருக்கட்டும். சிவப்புப் பொட்டாஷில் இரும்புத் துருவும் களிமண்ணும் கரையாமல் நிற்கும். கிடைத்தது சிவப்புதான் என்றால் ஒரு இரவு தெளியவிட்டு, துணியில் வடிகட்டி, தெளிவை மட்டும் டிரம்மில் ஊற்றுங்கள். டியூபின் நுனியில் உள்ள சிறு ஃபில்டர் அடியிலிருந்து நாலு விரல் மேலே தொங்கட்டும்.

மோட்டாரைப் போட்டதும் உரத்தைத் திறக்கக் கூடாது. முதல் 20 நிமிடம் வெறும் தண்ணீர், லைன் எல்லாம் நிறைந்து அழுத்தம் நிலைக்கட்டும். அப்புறம் 80 நிமிடம் உரம். அப்புறம் மறுபடி 20 நிமிடம் வெறும் தண்ணீர். மொத்தம் இரண்டு மணி நேரம், மரத்துக்கு 16 லிட்டர் தண்ணீர். கடைசி 20 நிமிடம் எதற்கு என்று மாமா கேட்டார். லேட்டரலின் கோடியில் தண்ணீர் ஊர்ந்துதான் போகிறது, ஏனென்றால் கடைசி ஒன்றிரண்டு டிரிப்பருக்கு வேண்டியது மட்டுமே அங்கே ஓடுகிறது. டிரம் காலியானபோது மோட்டாரை நிறுத்தினால் கோடியில் இருக்கும் மரங்களுக்கு உரம் குறையும், குழாய்க்குள் தங்கிய உரத்தில் பாசியும் பிடிக்கும். உங்கள் வயலில் எத்தனை நிமிடம் தேவை என்று தெரிய, டிரம்மில் கொஞ்சம் கேசரி கலர் கலந்து, கோடி டிரிப்பரில் நிறம் எப்போது வருகிறது என்று ஒரு தடவை பாருங்கள்.

இவ்வளவு கணக்கும் ஒன்றின் மேல் நிற்கிறது. முன்னால் 2.0, பின்னால் 1.3. இந்த வித்தியாசம் மாறினால் விகிதம் மாறிவிடும். வெஞ்சுரி தானாக ஒன்றையும் சரிசெய்து கொள்ளாது. மாமாவின் வயலிலேயே இது எப்படியெல்லாம் மாறியது என்று சொல்கிறேன்.

ஒரு நாள் கீழ்ப்பாதியில் நடவு வேலை நடந்ததால் மேல் அரை ஏக்கருக்கு மட்டும் தண்ணீர் விட்டார். உரம் நின்றுவிட்டது. மெயின் வால்வை யாரும் தொடவில்லை, பின் ஏன்? ஓட்டம் பாதியானால் வால்வில் உண்டாகும் அழுத்த வித்தியாசம் பாதியாவதில்லை, கால் பங்காகிவிடும். 0.7 இருந்த இடத்தில் 0.2க்குப் பக்கத்தில் வந்து நிற்கும். அந்த வித்தியாசத்தில் குறுகலில் பள்ளம் விழாது. பாதி வயலுக்குப் பாயும்போது வால்வை இன்னும் மூடி, மீட்டரைப் பழைய வித்தியாசத்துக்குக் கொண்டுவர வேண்டும். உரமும் பாதிதான் போக வேண்டும் என்பதை மறக்கக் கூடாது. அதே 60 லிட்டர் வேகத்தில் எடுத்தால் பாதித் தண்ணீரில் உரம் இரட்டிப்புக் காரம் ஆகும். டிரம்மில் அரைப்பங்கு உரத்தைப் போட்டு அதே 80 லிட்டராகக் கரைத்தால் விகிதம் பழையபடி வந்துவிடும்.

இன்னொரு முறை, வாரங்கள் செல்லச் செல்ல 10 நிமிடம் 12 ஆனது, 15 ஆனது. இங்கே குற்றவாளி வெஞ்சுரிக்குப் பின்னால் இருந்த ஃபில்டர். கரையாத துகள் வயலுக்குப் போகாமல் இருக்க வெஞ்சுரியை ஸ்கிரீன் ஃபில்டருக்கு முன்னால்தான் வைக்கிறோம். அது சரியான இடம்தான். ஆனால் ஃபில்டர் அடைய அடைய, பின் மீட்டர் ஏறிக்கொண்டே வரும். 1.3 இருந்தது 1.5 ஆகும். வித்தியாசம் சுருங்கும், உறிஞ்சல் தளரும். ஃபில்டரைக் கழற்றிக் கழுவியதும் பழைய 10 நிமிடம் திரும்பி வந்தது. அதிலிருந்து ஒவ்வொரு உரத்தவணைக்கு முன்பும் ஃபில்டரைக் கழுவுகிறார்.

டியூபைக் கண்ணாடி மாதிரித் தெரியும் டியூபாக வைப்பது இதற்காகத்தான். அதைப் பார்த்தே பாதி நோயைச் சொல்லிவிடலாம். கரைசலுக்கு நடுவே குமிழிகள் ஓடினால் எங்கோ காற்று புகுகிறது. காற்றுக்கு உரத்தைவிட எளிதாக ஏற வழி கிடைத்துவிட்டால் உரம் ஏறாது. கிளாம்பை இறுக்குங்கள், மூக்கில் டெஃப்லான் டேப் சுற்றுங்கள். கரைசல் பாதி ஏறி அங்கேயே நின்று ஆடினால் வித்தியாசம் போதவில்லை, மீட்டரைப் பாருங்கள். தண்ணீர் எதிர்த்திசையில் வந்து டிரம்முக்குள் இறங்கினால், பின் அழுத்தம் மிக அதிகம், மூக்கில் உள்ள சிறு வால்வும் தேய்ந்துவிட்டது. ஒன்றுமே நடக்காமல் டியூப் சப்பிப் போயிருந்தால் நுனி ஃபில்டர் அடைத்திருக்கிறது. புதிதாகப் பொருத்தியவர்கள் ஒன்றைச் சரிபாருங்கள். வெஞ்சுரியின் உடம்பில் அம்புக்குறி உண்டு. மாற்றி மாட்டினால் உறிஞ்சாது. ஒரு வயலில் இதைக் கண்டுபிடிக்க எனக்கே அரை நாள் ஆனது.

சின்ன ஏற்ற இறக்கத்துக்குப் பதற வேண்டாம். டிரம் நிறைந்திருக்கும்போது கரைசல் ஏற வேண்டிய உயரம் குறைவு, காலியாக ஆக உயரம் கூடும். மாமாவின் டிரம்மில் முதல் 10 லிட்டர் ஒன்பதரை நிமிடத்திலும் கடைசி 10 லிட்டர் பதினொரு நிமிடத்திலும் இறங்குகிறது. வாழை இதைக் கண்டுகொள்ளாது. ஆனால் மின்னழுத்தம் குறைந்து மோட்டார் திணறும் நாளில் நிலைமை வேறு. முன் மீட்டரே 1.6க்கு இறங்கிவிடும். அன்று உரம் விடாமல் தண்ணீரோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

கடைசியாக ஒன்று, இதை மட்டும் யாரும் தள்ளிப்போடக் கூடாது. பாதியில் கரண்ட் போனால் என்ன ஆகும்? மோட்டார் நிற்கும், குழாயில் இருக்கும் உரத்தண்ணீர் எடை தாங்காமல் பின்னோக்கி ஃபில்டர் பாயிண்ட் என்ற குழாய்க்கிணற்றுக்குள் இறங்கப் பார்க்கும். டெல்டாவில் ஃபில்டர் பாயிண்டின் நீர் ஆழத்தில் இல்லை, பல வீடுகளில் குடிப்பதும் அதே மட்டத்து நீரைத்தான். மோட்டாருக்கும் வெஞ்சுரிக்கும் நடுவே தண்ணீரைப் பின்னோக்கி வரவிடாத ஒரு நான்-ரிட்டர்ன் வால்வு இருந்தே ஆக வேண்டும். மாமா வயலில் அது இருந்தது. ஆனால் வேலை செய்கிறதா என்று யாரும் பார்த்ததில்லை. வெறும் தண்ணீர் ஓடும்போது மோட்டாரை நிறுத்தி, மீட்டர் முள்ளைப் பார்த்தோம். முள் சடாரென்று பூஜ்யத்துக்கு விழுந்து, மோட்டார் பக்கம் தண்ணீர் கடகடவென்று இறங்கும் சத்தம் கேட்டது. வால்வைக் கழற்றினால் கதவுக்கும் இருக்கைக்கும் நடுவே ஒரு பொடிக்கல் சிக்கியிருந்தது. எடுத்துவிட்டு மாட்டி, மறுபடி நிறுத்திப் பார்த்தோம். இந்த முறை அந்தச் சத்தம் இல்லை. டிரிப்பர்கள் சொட்டிச் சொட்டித் தீர, முள் மெல்ல மெல்ல இறங்கியது. அதன் பிறகுதான் டிரம்மில் பொட்டாஷைப் போட்டோம்.